வீரப் பதக்கம் கொடுப்பது யார்?

கேள்வி: "என் கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்து பர்மாவில் உயிர்விட்டார். அவ்வளவு பெரிய தியாகத்துக்கு ஏன் ஒரு மெடல்கூட இல்லை? இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? விக்டோரியா கிராஸ் ஏன் இவ்வளவு குறைவு?"

நான் யாங்கோன்காரன். ஊரிலிருந்து தாத்தா பெயரைத் தேடி வரும் தமிழர்களை டாக்யான் போர்க் கல்லறைக்கு அழைத்துப் போவது எனக்குப் பழக்கம். உங்கள் கேள்வியை அங்கே நின்று நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில், செத்துப்போனதற்காக மெடல் இல்லை. குறிப்பிட்ட ஒரு செயலுக்குத்தான் கொடுத்தார்கள். அந்தச் செயலை யாராவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும், பார்த்ததை எழுதித் தரவும் வேண்டும். பட்டாலியன் தளபதி ஒரு படிவத்தில் பரிந்துரை எழுதுவார். அது பிரிகேட், டிவிஷன், கோர், ஆர்மி என்று படிப்படியாக மேலே போகும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் கையெழுத்துப் போடலாம், அல்லது அடித்துவிட்டு ஒரு படி குறைந்த மெடலை எழுதலாம். பிரிட்டிஷ் ராணுவத்தின் உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ், சுருக்கமாக விசி, என்றால் சாட்சிகளின் வாக்குமூலமும் கூடவே போக வேண்டும், கடைசியில் மன்னரின் ஒப்புதலும் வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வரும்.

இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் டாக்யானிலேயே ஒரு கல் இருக்கிறது. லெப்டினன்ட் ஜார்ஜ் கெய்ர்ன்ஸ். விசி வாங்கியவர்களின் கல்லில் வழக்கமான சிலுவை இருக்காது, அந்தப் பதக்கத்தின் வடிவத்தையே செதுக்கியிருப்பார்கள். இவர் கல்லும் அப்படித்தான். 1944 மார்ச்சில், மாவ்லு பக்கம் ஹெனு என்ற இடத்தில், ஒரு ஜப்பானிய அதிகாரி வாளால் இவருடைய இடது கையை வெட்டிவிட்டான். இவர் அவனைக் கொன்று, அந்த வாளையே எடுத்துக்கொண்டு தன் ஆட்களை முன்னே நடத்திப் போய், பலரை வெட்டிய பிறகுதான் விழுந்தார்.

இப்படிப்பட்ட செயலுக்கே விசி கெஜட்டில் வந்தது 1949 மே மாதம்தான்! பரிந்துரைக் காகிதம் அந்தப் படைக்குத் தளபதியான ஜெனரல் விங்கேட்டிடம் இருந்தது. அதே 1944 மார்ச் 24 அன்று அவர் விமானம் மணிப்பூர் மலையில் விழுந்ததில் அதுவும் போய்விட்டது. மூன்று சாட்சிகளில் இருவர் அதற்குள் போரில் இறந்துவிட்டார்கள். பிறகு மறுபடி கிளப்பித்தான் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்காக லண்டன் கெஜட்டில் கடைசியாக வந்த விசி அதுதான். ஓர் அதிகாரிக்கே இந்தக் கதி என்றால், பார்த்தவர்கள் எல்லோரும் செத்துப்போன ஒரு சாதாரண சேப்பரின் கதையை யார் எழுதியிருப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. எதிரியோடு மோதி இறந்தவருக்குக் கொடுக்க அன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தில் கிட்டத்தட்ட இரண்டே வழிதான். ஒன்று விசி, இல்லையென்றால் தளபதியின் அறிக்கையில் பெயர் குறிப்பிடுவது. நடுவில் இருந்த மிலிட்டரி கிராஸ், மிலிட்டரி மெடல் எல்லாம் உயிரோடு இருப்பவருக்கு மட்டும். ஆக, பெரிய வீரம் காட்டிச் செத்தவர் உச்சத்துக்குப் போகவில்லை என்றால் நேராக அடிமட்டத்துக்கு வந்துவிடுவார்.

"வெள்ளைக்காரனுக்குத்தான் கொடுத்தான்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். பாகுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை, 1911 வரை இந்தியச் சிப்பாய்க்கு விசி வாங்கத் தகுதியே கிடையாது. ஆனால் பர்மாப் போரில் உம்ராவ் சிங், கியான் சிங், லச்சிமன் குருங் என்று வாங்கியவர்கள் பலர் இந்திய ராணுவத்தவர்கள். சேப்பர்களுக்கு வேறு ஒரு சிக்கலும் இருந்தது. கண்ணிவெடி எடுக்கும்போது எதிரி எதிரே இல்லாவிட்டால் விசி கிடையாது, ஜார்ஜ் கிராஸ்தான். காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் இத்தாலியில் வெடிக்கப்போன கண்ணிமேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். அவருக்கு இறந்த பிறகு கிடைத்தது அதுதான்.

எனக்கு உண்மையில் மனசு எரிவது வேறு விஷயத்தில். டாக்யானில் உடல் கிடைக்காதவர்கள் கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயரைத் தூண்களில் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் செத்த நம் மலாயாத் தமிழ்க் கூலிகளுக்குத் தன்பியூசயாத் கல்லறையில் ஒரு கல்கூடக் கிடையாது, அது போர்க் கைதிகளுக்கானது. இதை எழுதி இங்கே ஒரு சங்கத்தின் விழா மலருக்குக் கொடுத்தேன். இடமில்லை என்றார்கள். அந்தப் பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கொள்ளுத்தாத்தாவின் பதவி தெரிந்தால் முதலில் தூணில் தேடலாம். பெயர்கள் படைப்பிரிவு வாரியாக, அதற்குள் பதவி வாரியாக இருக்கும். பரிந்துரைப் படிவங்கள் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் WO 373 என்ற வரிசையில் இருக்கின்றன. அதில் அவர் பெயர் வந்தால், எந்த மெடலுக்கு எழுதினார்கள், யார் அடித்தார்கள் என்பது அந்தத் தாளிலேயே தெரிய வாய்ப்புண்டு. வராவிட்டால் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். மெடல் கிடைக்காத பரிந்துரைகளில் பெரும்பாலானவை அங்கே இல்லை.