சம்பளச் சீட்டைக் காட்டியது குற்றமா?

கேள்வி: நுவரெலியாவில் ஒரு சுற்றுலா ஹோட்டலின் வரவேற்புப் பிரிவில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளையும் நானும் சாப்பாட்டு நேரத்தில் சம்பளச் சீட்டை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். அவளுக்கு அடிப்படைச் சம்பளமே 52,000 ரூபாய். எனக்கு எல்லாம் சேர்த்து 45,000. இது மெனேஜர் காதுக்குப் போய், நியமனக் கடிதத்தின் இரகசிய வாசகத்தை மீறியதற்கு ஏழு நாளில் விளக்கம் தரும்படி கடிதம் கொடுத்துவிட்டார். சொந்தச் சம்பளத்தைக்கூடச் சொல்லக்கூடாதா ஐயா? இதற்காக வேலையை விட்டு நிறுத்த முடியுமா? என் சீட்டின் படத்தையும் அந்த வாசகத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இணையத்தில் தேடினால் சம்பளத்தை மறைக்கச் சொல்லும் வாசகம் சட்டப்படி செல்லாது என்று பல இடங்களில் வாசிக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தையோ, பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தையோ வைத்து எழுதப்பட்டவை. இலங்கையில் அப்படிப்பட்ட வாசகத்தைத் தடைசெய்யும் சட்டமும் இல்லை, சக ஊழியரிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசும் உரிமையை நேரடியாகத் தரும் சட்டமும் இல்லை. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் பேச்சுச் சுதந்திரத்தை வைத்து வழக்குப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே நிற்கும், தனியார் ஹோட்டல் முதலாளிக்கு எதிராக நிற்காது. ஆகவே உங்கள் விடயம் நீங்கள் கையொப்பமிட்ட நியமனக் கடிதத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் ஒரு வாசகத்தை மீறுவது வேறு, அதற்காக வேலையை இழப்பது வேறு. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின்படி தொழில் நியாய சபைக்குச் செல்லும் ஊழியருக்கு, சேவை ஒப்பந்தத்தில் அதற்கு மாறாக என்ன எழுதியிருந்தாலும், சபை நிவாரணம் வழங்கலாம். சபை பார்ப்பது நீதியும் நியாயமும் பொருந்திய தீர்ப்பு எது என்பதைத்தான். "வாசகம் இருந்தது, மீறினாள், நிறுத்தினோம்" என்று மூன்று சொற்றொடரில் முதலாளி வழக்கை முடித்துவிட முடியாது. என்ன சேதம் நேர்ந்தது, முன்பு எச்சரித்தார்களா, மூன்று வருடச் சேவை எப்படியிருந்தது, செய்த தவறுக்குக் கொடுத்த தண்டனை பொருந்துகிறதா என்பவையெல்லாம் அங்கே கேட்கப்படும். சாப்பாட்டு மேசையில் சொந்தச் சீட்டைக் காட்டியதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தால் அதைப் பெரும்பாலும் தாங்கித்தான் ஆகவேண்டும். அதே காரணத்துக்காக வேலை நீக்கம் செய்தால், அதை நியாயப்படுத்துவது முதலாளிக்குக் கடினமான வேலை என்பது என் கணிப்பு.

இனி நீங்கள் அனுப்பிய வாசகத்தைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் உள்ள அதைத் தமிழில் சொன்னால், "ஊழியர் தமது சம்பளம், கொடுப்பனவுகள் பற்றிய விபரங்களை எந்த மூன்றாம் தரப்பினருக்கும் வெளிப்படுத்தலாகாது" என்று வரும். அதே ஹோட்டலில் அதே மேசையில் வேலை செய்பவர் மூன்றாம் தரப்பினரா என்பதை வாசகம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை எழுதியவர் முதலாளி என்பதால், இரண்டு பொருள் தரும் சொல்லை அவருக்குப் பாதகமாகப் படிப்பதே வழக்கம் என்று வாதிட இடமுண்டு. சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்தால் நீங்கள் வீட்டில் அம்மாவிடம்கூடச் சம்பளத்தைச் சொல்ல முடியாது. ஆனால் வங்கிக் கடனுக்கு நீங்கள் விண்ணப்பித்தால், சம்பளத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தை இதே மெனேஜர்தான் வங்கிக்கு எழுதித் தருவார். வாசகம் எழுதியபடியே நடைமுறையில் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்லவேண்டும். நீங்கள் காட்டியது உங்களுடைய சீட்டு, அந்தப் பிள்ளை காட்டியது அவளுடையது. கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் எல்லோருடைய சம்பளப் பட்டியலையும் கைத்தொலைபேசியில் படம்பிடித்துச் சக ஊழியர்களின் குழுவில் போட்டிருந்தால், நான் இப்படி எழுதியிருக்க மாட்டேன். வேலை காரணமாகக் கையில் வந்த பிறர் விபரத்தை வெளியிடுவது நம்பிக்கை மீறல். அதற்கு நியமனக் கடிதத்தில் தனி வாசகம்கூடத் தேவையில்லை, வேலை நீக்கமும் அங்கே நிலைத்துநிற்கக்கூடும். ஆகவே அவளுடைய சீட்டின் படம் உங்களிடம் இருந்தால் அதை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

மலையகத்தில் இந்தச் சிக்கலே புதிது. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவரின் நாட்சம்பளம் வர்த்தமானியில் வரும், லயத்தில் எல்லோருக்கும் ஒரே தொகை தெரியும், செக்ரோலில் யாருக்கு எத்தனை நாள் விழுந்தது என்பதுதான் பேச்சு. அதே வீட்டுப் பிள்ளை ஹோட்டலுக்கோ வங்கிக்கோ போகும்போதுதான் சம்பளம் இரகசியமாகிறது. தோட்டத்தில் தொழிற்சங்கம் இருப்பதால் சம்பளப் பேச்சு வெளிப்படையாக நடக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும், ஏனென்றால் நமது சட்டம் தரும் பாதுகாப்பும் அந்த வழியாகத்தான் வருகிறது. 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தத்தால் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 32அ பிரிவு, தொழிற்சங்க உறுப்புரிமைக்காகவோ சங்கச் செயற்பாட்டுக்காகவோ ஒருவரை வேலை நீக்குவதைத் தடைசெய்கிறது. சங்கமாகச் சம்பளத்தைத் தொகுத்துப் பேசுவது அந்த நிழலுக்குள் வரும். இருவர் தனியாக மேசையில் பேசியது தன்னாலே அதற்குள் வந்துவிடாது. சங்கம் பதிவுசெய்ய ஏழு பேர் போதும் என்பதை ஹோட்டல் ஊழியர்கள் பலர் அறிந்திருப்பதில்லை.

இப்போது உங்கள் சீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியைவிடப் பெரிய விடயம் அதில்தான் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 32,000, வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 13,000, ஊழியர் சேமலாப நிதிக் கழிவு 2,560 என்று அதில் உள்ளது. 2,560 என்பது 32,000 ரூபாயில் சரியாக 8 சதவீதம். அதாவது கொடுப்பனவைக் கணக்கில் எடுக்கவில்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் சம்பாத்தியத்தில் அடங்கும். ஆகவே கழிவு 45,000 ரூபாய்க்கு 3,600 ஆகவும், முதலாளியின் 12 சதவீதப் பங்கு 5,400 ஆகவும் இருக்கவேண்டும். அவர் 12 சதவீதத்தையும் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டியிருந்தால், 3,840 ரூபாய்தான் போயிருக்கும். இரு பங்கையும் சேர்த்து மாதம் 2,600 ரூபாய் உங்கள் கணக்கில் குறைகிறது. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி கட்டவேண்டிய 3 சதவீதமும் அதே விகிதத்தில் குறையும்.

புதிதாக வந்தவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதைத் தடுக்கச் சட்டம் இல்லை. சம்பளச் சபையின் குறைந்தபட்சத் தொகைக்கும் தேசிய குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் மேலே, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கொடுக்கவேண்டும் என்று தனியார் துறைக்குப் பொதுவாகக் கட்டளையிடும் சட்டம் நம்மிடம் இல்லை என்பதால், இந்தச் சம்பள வித்தியாசத்துக்காகத் தொழில் திணைக்களத்துக்குப் போனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சேமலாப நிதிக் குறைவு அப்படியல்ல, அது சட்ட மீறல். முதலில் உங்கள் சேமலாப நிதிக் கணக்கின் வருடாந்தக் கூற்றை எடுத்து, கட்டிய தொகை சீட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று மாதம் மாதமாகப் பாருங்கள். பிறகு சீட்டுகளின் பிரதிகளுடன் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். அந்த அலுவலர்களுக்குச் சம்பளப் பதிவேடுகளைப் பார்க்கச் சட்ட அதிகாரம் உண்டு. எந்த இரகசிய வாசகமும் அவர்களிடம் போவதைத் தடுக்காது.

விளக்கக் கடிதத்துக்கு ஏழு நாளுக்குள் பதில் கொடுக்கவேண்டும், மௌனமாக இருப்பது உங்களுக்கு எதிராகப் படிக்கப்படும். நடந்ததை மறுக்க வேண்டாம், ஏனென்றால் பொய் சொன்னது பின்னர் வேறு குற்றச்சாட்டாக வரும். யார் மெனேஜரிடம் சொன்னார் என்று தேடவும் வேண்டாம். சேமலாப நிதி விடயத்தை இந்தப் பதிலுக்குள் நுழைக்காதீர்கள், அதை மிரட்டலாகக் காட்டுவார்கள். இப்படி எழுதினால் போதும்:

"எனது சொந்தச் சம்பள விபரத்தை மட்டும், அதே பிரிவில் பணியாற்றும் ஒருவருக்குச் சாப்பாட்டு இடைவேளையில் காட்டினேன். நிறுவனத்தின் ஆவணம் எதையும் நான் எடுக்கவோ, வெளியாட்களிடம் கொடுக்கவோ இல்லை. நியமனக் கடிதத்திலுள்ள 'மூன்றாம் தரப்பினர்' என்ற சொல் சக ஊழியரையும் குறிக்கும் என்று எனக்கு இதுவரை அறிவிக்கப்படவில்லை. எனது மூன்று வருடச் சேவையைக் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள், தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எச்சரிக்கைக் கடிதம் தந்தால் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையொப்பமிட்டு, "பெற்றுக்கொண்டேன், ஏற்றுக்கொள்ளவில்லை" என்று பக்கத்தில் எழுதலாம். மெனேஜரின் அறைக்கு அழைத்து, "நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் உனக்கு நல்லது" என்று ராஜினாமாக் கடிதத்தை நீட்டினால் அங்கேயே கையொப்பமிடாதீர்கள். தானாக விலகியவர் என்று காகிதம் சொன்ன பிறகு, வேலை நீக்கம் நடந்ததென்று நிறுவும் சுமை உங்கள் தலையில் விழும். நியாய சபையில் பல வழக்குகள் தோற்பது அந்த ஒரு கையொப்பத்தால்தான்.

அதையும் மீறி ஒழுக்காற்றுக் காரணத்தால் நிறுத்தினால், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாயின், நிறுத்திய பின் இரண்டாவது வேலைநாள் முடியுமுன் காரணத்தை எழுத்தில் தருவது முதலாளியின் கடமை. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க உங்களுக்குள்ள காலம் வேலை நீங்கிய நாளிலிருந்து ஆறு மாதம். "பேசித் தீர்ப்போம்" என்று ஹோட்டல்காரர் இழுத்தடித்தாலும் அந்த நாள்கள் எண்ணப்பட்டுக்கொண்டேயிருக்கும்.