புள்ளி போட்டு எழுதிய அறிவிப்பு அதட்டலாகத் தெரிகிறது, எப்படி மாற்றுவது?

"அபார்ட்மென்ட் சங்கச் செயலாளராக இருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட அறிவிப்பைப் பார்த்து, 'என்ன, உத்தரவு போடுற மாதிரி இருக்கு' என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கடுமையாக எதுவும் எழுதவில்லையே?

• ஞாயிறு டேங்க் கிளீனிங்
• மெயின்டனன்ஸ் பாக்கி - உடனே கட்டவும்
• தண்ணீர் 9 - 2 வராது
• சம்ப் மேல் கார் கூடாது
• தண்ணீர் முன்னாடியே பிடிக்கவும்"

கடுமையான சொல் ஒன்றும் இல்லைதான். ஆனால் தமிழில் எதிரில் இருப்பவருக்கான மரியாதை பெரும்பாலும் வினையின் வாலில் இருக்கிறது: வாருங்கள், வைத்தீர்களா, சொல்கிறீர்களா. வாக்கியத்தைத் துண்டாக நறுக்கும்போது முதலில் விழுவது அந்த வால்தான். 'சம்ப் மேல் கார் கூடாது' என்பதில் பேசுபவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. 'கட்டவும்', 'பிடிக்கவும்' என்பவற்றில் வினை இருக்கிறது, ஆனால் அது அறிவிப்புப் பலகையின் வினை. மாடிப்படியில் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் யாரும் 'தண்ணீர் பிடிக்கவும்' என்று சொல்வதில்லை.

இன்னொன்று, காரணங்கள் எல்லாம் உங்கள் மனதிலேயே தங்கிவிட்டன. சம்ப் மேல் கார் ஏன் கூடாது என்று உங்களுக்குத் தெரியும்; படிப்பவருக்குத் தடை மட்டும்தான் தெரிகிறது. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு, 15ஆம் தேதி, மேல்தொட்டியையும் சம்ப்பையும் சுத்தம் செய்ய ஆள் வருகிறார்கள். தொட்டியைக் காலி செய்யவேண்டி இருப்பதால் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை குழாயில் தண்ணீர் வராது. சமையலுக்கும் குளிக்கவும் வேண்டியதைச் சனிக்கிழமை இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சம்ப் மூடியைத் திறக்க வேண்டும் என்பதால், அதன் மேல் கார் நிறுத்துபவர்கள் 8 மணிக்குள் எடுத்துவிட்டால் வேலை நேரத்துக்கு முடியும். 2 மணிக்குப் பிறகும் தண்ணீர் வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள்."

இதில் ஒரு 'தயவுசெய்து' கூட இல்லை. ஒவ்வொரு கோரிக்கையும் தன் காரணத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதால் அது தேவைப்படவில்லை. 'பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்' என்பதில் வரும் 'கொள்' கேட்பவரின் நன்மைக்காகச் சொல்வதாக ஒலிக்கும். கார் விஷயம் அப்படி இல்லை. அது உங்களுக்காக அவர்கள் செய்யும் உதவி. அங்கே 'எடுத்துவிடுங்கள்' என்று எழுதினால் லேசாக நெருக்கும். 'எடுத்துவிட்டால்' என்று போட்டு, அதனால் என்ன ஆகும் என்று முடித்தால் முடிவு அவர்கள் கையில் இருப்பதுபோல இருக்கும். கடைசி வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால், அறிவிப்புக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்பதைக் காட்டுவதே அந்த வரிதான்.

பாக்கி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அதைக் குழுவிலேயே போடக் கூடாது. கட்டியவருக்கு எரிச்சல், கட்டாதவருக்கு அவமானம், இரண்டுமே தண்ணீர்ச் செய்தியின் மேல் வந்து விழும். கட்டாதவருக்குத் தனியாக அனுப்புங்கள்:

"வணக்கம் சார். இந்த மாத மெயின்டனன்ஸ் இன்னும் கணக்கில் ஏறவில்லை. நீங்கள் ஏற்கெனவே அனுப்பியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போடுங்கள், வரவு வைத்துவிடுகிறேன். இல்லையென்றால் 10ஆம் தேதிக்குள் அனுப்பினால் வாட்ச்மேன் சம்பளம் கொடுக்க வசதியாக இருக்கும்."

'உடனே' போய் அந்த இடத்தில் ஒரு தேதி வந்திருப்பதைப் பாருங்கள். தேதி கொடுத்தால் அவரும் சம்பளம் வரும் நாளைப் பார்த்து ஏற்பாடு செய்துகொள்ளலாம். 'உடனே' என்றால் கோபம் மட்டும்தான் போய்ச் சேரும்.

மரியாதை என்று சொல்லி எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். 'ஒத்துழைப்பு நல்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று ஆரம்பித்தால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ நினைவுக்கு வரும். தயவுசெய்து இரண்டு முறை வந்தாலே பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியதாகத் தெரியும். அப்புறம் நீளம்: போனில் 'மேலும் படிக்க' என்று செய்தி மடங்கிவிட்டால் 9 - 2 என்பதைப் பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள். அதனால் நாளும் நேரமும் வணக்கத்துக்கு அடுத்த இரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும்.

புள்ளிகளை அடியோடு ஒழிக்கவும் வேண்டாம். ஏ பிளாக்குக்கு ஒரு நேரம், பி பிளாக்குக்கு ஒரு நேரம் என்றால் அந்த நேரங்களை மட்டும் வரிசையாகப் போடுங்கள். முன்னும் பின்னும் முழு வாக்கியம் இருந்தால் போதும். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் 'லிஃப்ட் சாவி யாரிடம்?' என்று மட்டும் போடுங்கள், அப்போது வணக்கத்தை யாரும் தேட மாட்டார்கள்.