"அக்சஸ் தரவும், அவசரம்" என்று எழுதினால் போதாது

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஜி.எஸ்.டி. ஆண்டு ரிட்டர்ன் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் போன வருட ஃபைல்கள் இருக்கும் ஷேர்டு ஃபோல்டர் எனக்குத் திறக்கவில்லை. ஐ.டி.க்கு "Z டிரைவ் அக்சஸ் தரவும், அவசரம்" என்று மெயில் போட்டேன். இரண்டு நாள் கழித்து "அப்ரூவல்?" என்று ஒரே ஒரு சொல் பதிலாக வந்தது. யாரிடம் வாங்குவது, மெயிலை எப்படி எழுதுவது?

பதில்: அந்த ஒற்றைச் சொல்லை அனுப்பியவர் மேல் கோபப்படாதீர்கள். ஹெல்ப்டெஸ்க்கில் இருந்த காலத்தில் நானும் அதையேதான் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஃபோல்டரைத் திறந்துவிட அவருக்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் திறக்கலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது யாரிடம் இருக்கிறது என்பதை உங்கள் மெயில்தான் அவருக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் அனுப்பியதில் அது இல்லை.

மெயிலுக்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. ஃபோல்டரைத் திறக்கும்போது திரையில் என்ன வருகிறது என்று ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். `Access is denied` என்றோ, உங்களுக்கு அனுமதி இல்லை என்ற பொருளிலோ வந்தால் இது அக்சஸ் பிரச்சினைதான். `0x80070035` என்ற எண்ணோடு வந்தால் சர்வரே உங்கள் கம்ப்யூட்டருக்கு எட்டவில்லை என்று அர்த்தம், வி.பி.என். இணைக்காமல் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு அடிக்கடி வரும். அதற்கு யாருடைய அப்ரூவலும் வேண்டாம், நெட்வொர்க்கைச் சரிசெய்தால் போதும். இன்னொன்று, பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தெரிகிற ஃபோல்டர் உங்கள் திரையில் பெயராகக்கூடத் தெரியவில்லை என்றால் அதுவும் பெரும்பாலும் அனுமதி இல்லாததால்தான். அனுமதி இல்லாதவர் கண்ணிலேயே படாதபடி சர்வரில் வைக்க முடியும், பல இடங்களில் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

அடுத்தது "Z டிரைவ்". Z என்பது ஒரு கம்ப்யூட்டரில் ஒட்டிய லேபிள் மட்டுமே. உங்கள் Z ஒரு ஃபோல்டராக இருக்கும், ஐ.டி. ஆளின் Z வேறு ஏதாவதாக இருக்கும். அக்சஸ் இருக்கிற சக ஊழியர் ஒருவரிடம் கேட்டு, அவர் கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இதை அடிக்கச் சொல்லுங்கள்:

```
net use
```

எந்த எழுத்து எந்தச் சர்வரில் எந்த ஷேருக்குப் போகிறது என்று வரிசையாக வரும். அதோடு உள்ளே இருக்கும் துணை ஃபோல்டர்களின் பெயரையும் சேர்த்தால் முழு முகவரி கிடைத்துவிடும், உதாரணமாக `\\FS01\Accounts\GST\2024-25`. அதை அப்படியே காப்பி செய்து மெயிலில் ஒட்டுங்கள். கையால் அடிக்காதீர்கள், ஒரு கோடு விட்டுப்போனாலும் தேடுகிறவர் வேறு எங்கோ போய் நிற்பார்.

சரி, இப்போது முக்கியமான இடம்: யார் அப்ரூவ் செய்வது? இங்கே இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இந்த ஆளுக்கு இந்த வேலைக்கு இது தேவையா என்பது ஒன்று, அதற்கு உங்கள் மேலதிகாரி பதில் சொல்வார். இந்த ஃபோல்டரில் இருப்பதை இவர் பார்க்கலாமா என்பது இன்னொன்று, அதற்கு அந்தத் தகவலுக்குப் பொறுப்பானவர்தான் பதில் சொல்ல முடியும். சின்ன நிறுவனத்தில் இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். கொஞ்சம் பெரிய இடம் என்றால் உங்கள் டீம் லீடர் ஒருவர், ஜி.எஸ்.டி. ஃபைல்களுக்குப் பொறுப்பான ஃபைனான்ஸ் மேனேஜர் இன்னொருவர். டீம் லீடர் மட்டும் "ஓகே" என்று எழுதி அதை நீங்கள் அனுப்பினால் மறுபடியும் அதே "அப்ரூவல்?" வரும்.

பொறுப்பானவர் யார் என்று தெரியாவிட்டால் சிலர் ஃபோல்டரை ரைட்-கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் ஓனர் பெயரைத் தேடுவார்கள். அங்கே பெரும்பாலும் `Administrators` என்றிருக்கும், அல்லது எப்போதோ அந்த ஃபோல்டரை உருவாக்கிவிட்டு வேலையை விட்டே போன ஒருவரின் லாகின் இருக்கும். அதை நம்பாதீர்கள். உங்கள் குழுவில் பழைய ஆள் ஒருவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இந்த ஃபோல்டர் நாளைக்குக் காலையில் காணாமல் போனால் முதலில் யார் சத்தம் போடுவார்?" வருகிற பெயர் சரியாக இருக்கும். அதுவும் பிடிபடவில்லை என்றால் ஐ.டி.யிடமே "இந்த முகவரிக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்று உங்கள் பட்டியலில் இருக்கிறது?" என்று கேட்கலாம். இது நல்ல கேள்வி, "அக்சஸ் தரவும்" என்பதைவிட இதற்கு வேகமாகவே பதில் வரும்.

அப்புறம், எவ்வளவு அக்சஸ் கேட்பது. உங்கள் வேலையை வைத்தே பார்ப்போம். ஆண்டு ரிட்டர்ன், அதாவது ஜி.எஸ்.டி.ஆர்.-9, டிசம்பர் 31-க்குள் போக வேண்டும். அதற்குப் போன வருடத்துக் கொள்முதல் பதிவேடு, மாதாமாதம் இறக்கி வைத்த 2பி ஃபைல்கள், தாக்கல் செய்த ரிட்டர்ன் பிரதிகள் எல்லாம் வேண்டும். இவற்றை நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள், மாற்றப் போவதில்லை. ஆக இந்த ஃபோல்டருக்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்துத் தயாரிக்கும் உங்கள் எக்ஸெல் கணக்கை எங்கேயோ சேமிக்க வேண்டும், அந்த ஒரு துணை ஃபோல்டருக்கு மட்டும் மாற்றும் அனுமதி தேவை. விண்டோஸில் `Modify` என்று கொடுத்தால் அதில் அழிக்கும் உரிமையும் சேர்ந்தே வரும் என்பது பலருக்குத் தெரியாது. தாக்கல் செய்து முடித்த ரிட்டர்ன் இருக்கும் இடத்தில் புதிதாகச் சேர்ந்தவர் இதைக் கேட்டால் ஃபைனான்ஸ் மேனேஜர் யோசிப்பார், யோசிப்பது நியாயமும்கூட. படிக்க மட்டும் என்று கேட்டால் உடனே சரி என்பார்.

"முன்னாடி இருந்தவருக்கு இருந்த அதே அக்சஸ் கொடுங்கள்" என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படி ஒரு மெயில் வந்தது, நானும் பழைய ஆள் இருந்த அனுமதிக் குழுக்களை அப்படியே புது ஆளுக்குக் காப்பி செய்தேன். அந்தப் பழைய ஆள் சில வருடங்களுக்கு முன்னால் சம்பளப் பிரிவில் இருந்தவராம், அந்த அனுமதியை யாரும் எடுக்கவே இல்லை. சேர்ந்து பத்து நாள் ஆன ஒரு பையன் கண்ணில் மொத்த அலுவலகத்தின் சம்பளப் பட்டியலும் பட்டது. பாவம், அவன்தான் ஓடிவந்து என்னிடம் சொன்னான். அன்று மாலை மேனேஜர் அறையில் நான் நின்ற நிற்பை இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது.

மெயிலுக்கு வருவோம். இதை ஃபைனான்ஸ் மேனேஜருக்கு நேரடியாக அனுப்பி, ஹெல்ப்டெஸ்க்கையும் டீம் லீடரையும் காப்பியில் வையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஐ.டி.க்கு அனுப்பி மேனேஜரைக் காப்பியில் வைத்தால், காப்பியில் வந்ததுதானே என்று அவர் படிக்காமலே நகர்ந்துவிடுவார். டிக்கெட் போட்டால்தான் வேலை நடக்கும் என்கிற அலுவலகமாக இருந்தால் முதலில் டிக்கெட் போட்டு அந்த எண்ணைத் தலைப்பில் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுதான்:

> தலைப்பு: ஒப்புதல் தேவை – ஜி.எஸ்.டி. 2024-25 ஃபோல்டர் அனுமதி
>
> வணக்கம் சார்,
>
> 2024-25 ஆண்டு ரிட்டர்ன் தயாரிப்பை டீம் லீடர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். கொள்முதல் பதிவேட்டை 2பி-யுடன் ஒப்பிட, கீழே உள்ள இரண்டு இடங்களுக்கு எனக்கு அனுமதி தேவை. என் லாகின்: ac1042.
>
> 1. `\\FS01\Accounts\GST\2024-25` – படிக்க மட்டும்
> 2. `\\FS01\Accounts\GST\2024-25\Workings` – படிக்கவும் மாற்றவும்
>
> ஜனவரி 31 வரை இருந்தால் போதும், அதன்பின் எடுத்துவிடலாம். ஒப்பிடும் வேலையை வரும் திங்கள்கிழமை தொடங்க வேண்டும்.
>
> இந்த ஃபோல்டருக்கு ஒப்புதல் தருபவர் நீங்கள் என்று அறிகிறேன். சரி என்றால் இந்த மெயிலுக்கே எல்லோருக்கும் சேர்த்து "ஒப்புதல்" என்று பதில் அனுப்பினால் போதும், ஹெல்ப்டெஸ்க் அதை வைத்துச் செய்துவிடுவார்கள். வேறு யாராவது தர வேண்டும் என்றால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.
>
> நன்றி.

"அவசரம்" என்ற சொல் இதில் எங்கேயும் இல்லை, கவனியுங்கள். திங்கள்கிழமை என்று நாளைச் சொன்னதே போதும். முடிவுத் தேதியை நீங்களாகவே எழுதுவதும் காரியத்தோடுதான்: தயங்குகிற மேனேஜர்கூட, ஒரு தேதியோடு முடிகிற அனுமதிக்குச் சுலபமாகத் தலையாட்டுவார். கடைசிப் பத்தி இன்னும் முக்கியம். மேனேஜர் ஃபோனில் ஒரு சொல் அடித்து நகர்ந்துவிடலாம், நீங்கள் தவறான ஆளைப் பிடித்திருந்தாலும் சரியான பெயர் வந்துவிடும்.

ஒப்புதல் அவருடைய மெயிலிலிருந்தே வர வேண்டும். "சார் வாட்ஸ்அப்பில் ஓகே சொல்லிட்டார்" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் நல்ல ஹெல்ப்டெஸ்க் ஆள் வாங்கமாட்டார். ஆடிட்டர் வந்து நாலைந்து அனுமதிகளை எடுத்து "இதற்கு யார் ஒப்புதல் கொடுத்தது, காட்டுங்கள்" என்று கேட்கும்போது அவர் காட்ட வேண்டியது அந்த மெயிலைத்தான். மேனேஜர் லீவில் இருந்தால் அவருடைய தானியங்கி பதிலில் மாற்று ஆள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அவருக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் மேனேஜருக்கு மேலே இருப்பவர்தான், பக்கத்து மேனேஜர் இல்லை.

ஃபோல்டர் இல்லாமல் எஸ்.ஏ.பி. போன்ற சிஸ்டத்துக்குக் கேட்பதாக இருந்தால் இதே மெயில்தான், முகவரிக்குப் பதிலாக எந்தத் திரை என்று எழுத வேண்டும். "எஸ்.ஏ.பி. அக்சஸ்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. `FBL1N` போல டிரான்ஸாக்ஷன் கோடையும், பார்க்க மட்டுமா பதியவுமா என்பதையும் கொடுங்கள். அனுமதி இல்லை என்று வந்த அடுத்த நொடியே, வேறு எதையும் தொடாமல், `/nSU53` என்று அடித்தால் எந்த அனுமதி குறைகிறது என்று காட்டும். அந்தத் திரையைப் படம் எடுத்து இணைத்தால் அங்கே இருப்பவர்கள் உங்களைத் திரும்பக் கூப்பிடவே மாட்டார்கள்.

எல்லாம் முடிந்து "கொடுத்தாகிவிட்டது" என்று பதில் வந்தபிறகும் ஃபோல்டர் திறக்காமல் இருக்கலாம். உடனே இன்னொரு மெயில் போடாதீர்கள். பெரும்பாலும் உங்கள் லாகினை ஓர் அனுமதிக் குழுவில் சேர்த்திருப்பார்கள், நீங்கள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பதை விண்டோஸ் லாகின் ஆகும் நேரத்தில்தான் குறித்துக்கொள்ளும். திரையை லாக் செய்து திறப்பது போதாது. முழுதாக சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்து பாருங்கள். அதற்கு முன்னால் திறந்திருக்கும் எக்ஸெல்லைச் சேமித்துக்கொள்ளுங்கள்.