மெனு கைக்கு வராமல் கரண்டியைத் தொடாதீர்கள்

கேள்வி: திருகோணமலையில் ஒரு ஹோட்டலில் சேர்ந்து இரண்டு கிழமை ஆகிறது. ஐந்து கோர்ஸ் டின்னருக்கு மேசை வைக்கச் சொல்கிறார்கள். எந்தக் கரண்டி எந்தப் பக்கம் என்று எப்படி ஞாபகம் வைப்பது? நாப்கினை எப்படி மடிப்பது?

உங்களுக்கு ஒரு படத்தைக் காட்டி "இதைப் பாடமாக்கு" என்று சொல்லியிருப்பார்கள். என்னையும் அப்படித்தான் பழக்கினார்கள். நான் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் 14 வருடம் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்தவன். அந்தப் படத்தை மட்டும் நம்பியதால் ஓர் இரவு என்ன நடந்தது என்று சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு டிசம்பர் மாதம். 12 பேருக்கு விருந்து. முதலில் இறால் சாலட், அடுத்து சூப், பிறகு அறுக்குளா மீன், அதன்பின் மாட்டிறைச்சி, கடைசியாகப் புடிங். மத்தியானமே மேசை வைத்து முடித்துவிட்டேன். ஒரு ஆளுக்கு 60 சென்டிமீற்றர் இடம். நடுவில் பெரிய பீங்கான். இடப்பக்கம் முள்ளுக்கரண்டிகள், வலப்பக்கம் கத்திகளும் சூப் கரண்டியும். கத்தியின் வெட்டும் பக்கம் பீங்கானைப் பார்த்தபடி இருக்கும். கைப்பிடிகளின் அடி எல்லாம் ஒரே கோட்டில், மேசை விளிம்பிலிருந்து பெருவிரலின் ஒரு கணு அளவு உள்ளே. தண்ணீர்க் கிளாஸ் பெரிய கத்தியின் நுனிக்கு நேர் மேலே. பாண் வைக்கும் சின்னப் பீங்கான் இடப்பக்கம், முள்ளுக்கரண்டிகளுக்கு மேலே.

இப்போது வரிசை. விருந்தினர் வெளியிலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டு வருவார். முதலில் வரும் சாப்பாட்டுக்கானது எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும், கடைசியில் வருவது பீங்கானை ஒட்டி இருக்கும். ஆகவே வைக்கும்போது நாங்கள் தலைகீழாகப் போக வேண்டும். பீங்கானுக்குப் பக்கத்தில் முதலில் இறைச்சிக் கத்தி, அதற்கு வெளியே மீன் கத்தி, அதற்கு வெளியே சூப் கரண்டி, கடைசியாகச் சாலட்டுக்கான சின்னக் கத்தி. இடப்பக்கமும் அப்படியே: பெரிய முள், மீன் முள், சின்ன முள். சூப்புக்கு இடப்பக்கம் ஒன்றும் இல்லை. மெனுவைக் கீழிருந்து மேலாக வாசித்துக்கொண்டே வைத்தால் பிழைக்காது. பாடமாக்க வேண்டிய தேவையே இல்லை.

புடிங்குக்கான கரண்டியும் முள்ளும் மட்டும் பீங்கானுக்கு மேலே குறுக்காகக் கிடக்கும். முள் பீங்கானை ஒட்டி, கைப்பிடி இடப்பக்கம். கரண்டி அதற்கு மேலே, கைப்பிடி வலப்பக்கம். எந்தக் கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அது பிறகு இறங்கும். புடிங் வருவதற்கு முன் நீங்களே கீழே இழுத்து வைத்துவிட வேண்டும்.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது? டிசம்பரில் எங்கள் பக்கத்துக் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாடைக்காற்று. போட் கடலுக்குப் போகவில்லை. எதிர்பார்த்த அறுக்குளா வரவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குக் குசினியில் மீன் கோர்ஸை எடுத்துவிட்டார்கள். செஃப் மேனேஜரிடம் சொன்னார், மேனேஜர் விருந்து வைத்தவரிடம் சொன்னார். மண்டபத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை. மேசையில் மீன் கத்தியும் மீன் முள்ளும் அப்படியே கிடந்தன.

சூப் முடிந்தது. இறைச்சி வந்தது. 12 பேரும் முறைப்படி வெளியே இருந்ததை எடுத்தார்கள். அதாவது மீன் கத்தியை. அதன் அலகு அகலமாக இருக்கும், கூர் இருக்காது. வெந்த மீனை முள்ளிலிருந்து கழற்றத்தான் அது உதவும். இறைச்சி வெட்டாது. ஒருவர் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "இறைச்சி வேகவில்லை" என்று திருப்பி அனுப்பினார். பிறகு இன்னும் இரண்டு பேர். குசினியில் இறைச்சி வெட்டுகிற பொடியனுக்கு ஏச்சு விழுந்தது. இறைச்சி நன்றாகத்தான் வெந்திருந்தது.

எனக்கு எப்போது விளங்கியது என்றால், திரும்பி வந்த பீங்கான்களை எடுத்தபோது. பெரிய கத்திகள் கை படாமல் மேசையிலேயே கிடந்தன. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோர்ஸும் முடிந்து பீங்கான் போகும்போது அதற்குரிய கத்தியும் முள்ளும் கூடவே போக வேண்டும். எடுத்த பிறகு மேசையை ஒரு முறை பாருங்கள். மிச்சம் கிடப்பது அடுத்து வரும் சாப்பாட்டுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அடுத்த பீங்கான் வருவதற்குள் மாற்றிவிடலாம். சூப் எடுத்த கையோடு நான் அதைப் பார்த்திருந்தால் மீன் கத்தியை அங்கேயே தூக்கியிருப்பேன். அப்புறம் நான் எப்போதும் செய்தது, கதவு திறப்பதற்கு அரை மணி நேரம் முன் குசினிக்குப் போய், மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் செஃப்பிடம் கேட்பது.

எல்லா ஹோட்டலிலும் இதே முறைதான் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் ஒவ்வொரு கோர்ஸுக்கும் முன்னால்தான் கத்தி, முள் கொண்டுவந்து வைப்பார்கள். மீனுக்குத் தனிக் கத்தியே வைக்காத இடங்களும் உண்டு. உங்கள் மேனேஜர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்கிறபடி செய்யுங்கள். "கையால் சாப்பிடுகிற எங்களுக்கு இதெல்லாம் எதற்கு" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கும் ஒன்று: நானும் வீட்டில் கையால்தான் சாப்பிடுகிறேன். இது என் தொழில்.

நாப்கின். எங்கள் ஹோட்டல்களில் சேவியட் என்றுதான் சொல்வார்கள். அன்றைக்குப் பிஷப் தொப்பி மாதிரி நிற்கிற மடிப்பு வைத்திருந்தேன். அதன் இரண்டு முனையும் பின்னால் ஒன்றுக்குள் ஒன்று செருகப்பட்டிருக்கும். அது நிற்பது கஞ்சியின் விறைப்பில். மழைக்காற்றின் ஈரம் கஞ்சியை இளக்கிவிடும். மூன்று மணிக்கு நிமிர்ந்து நின்றவை ஏழு மணிக்குள் சரிந்துவிட்டன. மாரியில், கடலைப் பார்த்த மண்டபத்தில், கதவு திறந்திருக்கும் என்றால் அந்த மடிப்பு வேண்டாம். 50 சென்டிமீற்றர் சதுரத் துணியை இரண்டாக மடித்து, திரும்பவும் இரண்டாக மடியுங்கள். 25 சென்டிமீற்றர் சதுரம் வரும். அதை மூன்றாக மடித்தால் நீளமான பட்டி. பீங்கானின் நடுவில் படுக்க வையுங்கள். இதற்கும் கஞ்சி போட்டு, இலேசான ஈரத்தோடு அயன் பண்ண வேண்டும். பெரிய விருந்துக்கு இதுதான் அழகு என்பது என் கருத்து. வாய் துடைக்கிற துணியில் கை எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது.

கேள்விக்கு வெளியே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வேலை செய்த ஓர் இடத்தில் விருந்தினர் உடைத்த கிளாஸின் காசை எங்கள் சேர்விஸ் சார்ஜில் கழித்தார்கள். அந்த டிசம்பர் இரவும் மூன்று கிளாஸ் போனது. பில்லில் விருந்தினரிடம் வாங்கியது பத்து வீதம், அது எங்கள் உழைப்புக்கு என்று சொல்லி வாங்கியது. அதில் கை வைப்பது நியாயமே இல்லை. உங்கள் இடத்தில் அப்படி நடந்தால், கழித்த தொகையையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நான் எழுதி வைக்கவில்லை. பிறகு கேட்கப் போனபோது காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.