எதிர்வீட்டு அக்காவின் புகாரை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

கேள்வி: எதிர்வீட்டு அக்கா வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்கா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “மழை பெஞ்சா ஹால் பூரா ஒழுகுது. ஓதம் ஏறி செவரெல்லாம் ஊறிப் போச்சு. சுவிட்சைத் தொட்டா ஷாக் அடிக்குது. ரெண்டு மாசமா சொல்லிட்டே இருக்கோம். வாடகை மட்டும் கரெக்டா கேக்குறாங்க. இதுல மனுஷன் குடியிருக்க முடியுமா? இப்படியே விட்டா காலி பண்ணிட்டுப் போயிடுவோம்.” இதை மரியாதை குறையாமல், ஆனால் அழுத்தமாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எப்படி?
– ஒரு வாசகி

பதில்: கடிதத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஷாக் அடிக்கும் அந்த சுவிட்சுக்குப் போகும் மின்சாரத்தை மெயின் பெட்டியில் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அதைப் போட வேண்டாம். உரிமையாளரின் பதிலுக்காக இதில் காத்திருக்கக் கூடாது.

கடிதத்திலும் இதுதான் முதல் வரி. அக்கா நடுவில் சொன்னார் என்பதற்காக நீங்களும் நடுவில் வைக்காதீர்கள். தூரத்தில் இருப்பவர் முதல் இரண்டு வரிகளைப் படித்துத்தான் இது இன்றைய வேலையா, அடுத்த மாத வேலையா என்று முடிவு செய்கிறார். இங்கே ஒரு சிக்கல். ‘ஐ வாஸ் ஷாக்ட்’ என்று மட்டும் எழுதினால் ‘எனக்கு அதிர்ச்சியாக இருந்தது’ என்று படித்துவிட்டுப் போய்விடுவார். ‘ஐ காட் அன் எலெக்ட்ரிக் ஷாக் ஃப்ரம் த சுவிட்ச்’ என்று எழுதுங்கள். எந்தத் தேதியில், எந்தச் சுவர் சுவிட்ச் என்பதையும் சேருங்கள்.

அடுத்தது, அக்காவின் சொற்கள். நாம் ‘ஹால்’ என்றால் எல்லோரும் உட்காரும் பெரிய அறை. வெளிநாட்டில் பலருக்கு அது வாசலை ஒட்டிய நடை. நான் முதன்முதலில் ஒருவருக்காக இப்படி ஒரு கடிதம் எழுதியபோது ‘ஹால்’ என்றே போட்டேன். வந்த ஆள் நடையின் மேல்தளத்தைப் பார்த்துவிட்டு, ‘இங்கே ஈரமே இல்லையே’ என்று திரும்பிப் போனார். ஒரு மழை வீணாயிற்று. அதனால் ‘லிவிங் ரூம்’ என்று எழுதுங்கள். மொட்டை மாடியை ‘டெரஸ்’ என்பதும் அப்படித்தான். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் என்றும் பொருள் உண்டு. ‘ஃப்ளாட் ரூஃப்’ என்றால் குழப்பமே இல்லை.

இன்னும் கவனம் வேண்டியது ‘ஓதம் ஏறி’. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘ரைசிங் டேம்ப்’ என்று வரும். ஆங்கிலத்தில் அது தரையிலிருந்து சுவர் வழியே மேலே ஏறும் ஈரத்துக்கான பெயர். படிப்பவர் பழுது அடித்தளத்தில் இருக்கிறது என்று நினைத்துவிடுவார். அக்காவிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கறை மேலிருந்து கீழே இறங்குகிறதா, தரையிலிருந்து மேலே போகிறதா? மேல்தளத்தில் தொடங்கிச் சுவரில் இறங்குகிறது என்றால் அதைத்தான் எழுத வேண்டும்: ‘வாட்டர் ஸ்டெயின்ஸ் ரன் டவுன் த வால் ஃப்ரம் த சீலிங்’. காரணம் என்னவென்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஓட்டை எங்கே என்பது மேலே ஏறிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் வெடிப்பு இருக்கும் என்றும் இல்லை.

‘ஹால் பூரா’ என்பது மனவருத்தத்தின் அளவு. உண்மையில் எத்தனை இடத்தில் சொட்டுகிறது? இரண்டு இடம் என்றால் இரண்டு என்றே எழுதுங்கள். ஒரு மணி நேர மழைக்கு ஒரு வாளி நிரம்புகிறது என்றால் அதையும் எழுதுங்கள். ‘வெரி வெரி பேட் கண்டிஷன்’ என்பதைவிட அந்த வாளிக்குக் கனம் அதிகம்.

சரி, இப்போது கோபம். அதை எடுத்துவிடக் கூடாது. ஆனால் அதே உருவில் அனுப்பவும் முடியாது. ‘மனுஷன் குடியிருக்க முடியுமா?’ என்ற கேள்வி தமிழில் ஆற்றாமை, ஆங்கிலத்தில் ஏறக்குறைய வசவு. அதைச் செய்தியாக மாற்றுங்கள், உதாரணமாக: ஜூலை 5 முதல் அந்த அறையைப் பயன்படுத்த முடியவில்லை, குழந்தைகள் வேறு அறையில் படுக்கிறார்கள். ‘வாடகை மட்டும் கரெக்டா கேக்குறாங்க’ என்பதற்குள்ளும் நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. இத்தனை மாதமும் வாடகையை நாள் தவறாமல் கொடுத்திருக்கிறோம் என்று எழுதினால், குத்தல் போய் அக்காவின் பக்க நியாயம் மட்டும் நிற்கும்.

‘ரெண்டு மாசமா’ என்பதற்குப் பதிலாகத் தேதிகள் வேண்டும். அக்காவின் போனில் பழைய செய்திகளைத் தேடிப் பாருங்கள். முதலில் சொன்னது ஜூன் 7, மறுபடி ஜூலை 5 என்று கிடைத்தால் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள். 05/07 என்று போட்டால் அமெரிக்காவில் இருப்பவர் அதை மே 7 என்று படிப்பார். முதல் புகாருக்கு முன்னாலேயே இரண்டாவது புகார் வந்ததுபோல ஆகிவிடும்!

கடைசிப் பத்தியில்தான் அழுத்தம் இருக்க வேண்டும். நம்மில் பலர் அங்கே ‘ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். எது தேவை என்று அதில் இல்லையே! ‘யூ மஸ்ட்’ என்றால் கட்டளை, நான்கு முறை ‘கைண்ட்லி’ போட்டால் கெஞ்சல். ஒரே ஒரு ‘ப்ளீஸ்’, ஒரு வேலை, ஒரு தேதி போதும்: ‘ப்ளீஸ் கன்ஃபர்ம் பை 8 ஆகஸ்ட் ஹூ வில் இன்ஸ்பெக்ட் த ரூஃப், அண்ட் வென்’. எட்டாம் தேதிக்குள் என்பதற்கு ‘பை’ சரியான சொல். ‘பிஃபோர்’ என்றால் எட்டாம் தேதி அதில் சேராது. உரிமையாளர் நேரில் வர முடியாதவர் என்பதால், உள்ளூரில் யாரிடம் பேசி வேலையைத் தொடங்கலாம் என்றும் கேளுங்கள். பல நேரங்களில் வேலை நின்றுபோவது அந்தப் பெயர் கிடைக்காததால்தான்.

காலி செய்வோம் என்ற வரியைப் பற்றி நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அக்காவிடமே கேளுங்கள்: ‘நிஜமா போறதா இருக்கீங்களா அக்கா, இல்ல கோவத்துல சொன்னீங்களா?’ எழுத்தில் போனால் அதை உரிமையாளர் முன்னறிவிப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம். கோபம்தான் என்றால், அக்காவிடம் சொல்லிவிட்டு அந்த வரியை விட்டுவிடுங்கள். நிஜம் என்றால் ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக்கு எத்தனை நாள் என்று பார்த்துவிட்டுத் தெளிவாக எழுதுங்கள். நாமே பழுது பார்த்து வாடகையில் கழித்துக்கொள்கிறோம் என்பதையும் ஒப்பந்தம் பார்க்காமல், எழுத்தில் சம்மதம் வாங்காமல் எழுத வேண்டாம்.

கடிதம் அக்காவின் பெயரில், ‘ஐ’ என்றே போகட்டும். எழுதி முடித்ததும், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் அவருக்குச் சொல்லுங்கள். ‘இதை நான் சொல்லலையே’ என்று எந்த வரியில் நிறுத்துகிறாரோ, அந்த வரியைத் திருத்திய பிறகு அனுப்புங்கள்.