ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது: எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம்?

கேள்வி: சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோ போய், அங்கிருந்து கேட்விக் போய் ஸ்பெயினுக்கு வேறு விமானம் பிடிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட். நடுவில் நாலு மணி நேரம் இருக்கிறது. போதுமா? ஷெங்கன் விசா கையில் இருக்கிறது, ரெண்டு பெட்டி உண்டு.

பதில்: போதாது. பகல் நேரத்தில் ஆறு மணி நேரம் வையுங்கள். நேரத்தை விடப் பெரிய சிக்கல் ஒன்று உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது. அது தீரவில்லை என்றால் சென்னை கவுண்டரிலேயே பயணம் நின்றுவிடும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹீத்ரோவுக்குள்ளேயே விமானம் மாறினால் பொதுவாக இமிக்ரேஷனைத் தாண்ட வேண்டியதில்லை. கேட்விக்குக்குப் போவது என்றால் தாண்டித்தான் ஆக வேண்டும். அதாவது சில மணி நேரத்துக்கே என்றாலும் நீங்கள் பிரிட்டனுக்குள் நுழைகிறீர்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அதற்கு விசா வேண்டும். பிரிட்டனில் டிரான்ஸிட் விசா இரண்டு வகை. விமான நிலையத்தின் உட்பகுதியை விட்டு வெளியே வராதவர்களுக்கு ஒன்று, இமிக்ரேஷனைத் தாண்டி வெளியே வருபவர்களுக்கு இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. முதலாவது விலை குறைவு என்று அதை எடுத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இரண்டாவது வகையின் கட்டணம் 70 பவுண்டு அளவில் இருக்கும். அடிக்கடி ஏற்றுகிறார்கள், விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை வைத்து அதிகபட்சம் 48 மணி நேரம் இருக்கலாம்.

விசா இல்லாமலே கடக்கும் சலுகை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா வைத்துக்கொண்டு அந்த நாட்டுக்குப் போகிற வழியில் இருப்பவர்கள், ஐரோப்பிய நாடொன்றில் குடியிருப்பு அட்டையோ நீண்டகால விசாவோ உள்ளவர்கள் போன்றோருக்கு அது பொருந்தும். வந்த நாளுக்கு மறுநாள் நள்ளிரவுக்குள் விமானத்திலேயே வெளியேற உறுதியான டிக்கெட் இருக்க வேண்டும், கடைசி முடிவு இமிக்ரேஷன் அதிகாரி கையில். ஆனால் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் சாதாரண குறுகியகால ஷெங்கன் விசா இந்தச் சலுகைக்குள் வராது. உங்களுடையது அதுதான் என்றால் தனியாக டிரான்ஸிட் விசா எடுத்தே ஆக வேண்டும். உரிய ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 2,000 பவுண்டு வரை அபராதம். அதனால் சென்னை கவுண்டரில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு விட மாட்டார்கள். அவர்கள் திரையில் உங்கள் பயணம் ஹீத்ரோவோடு முடிகிறது. அங்கே இறங்க விசா எங்கே என்றுதான் கேட்பார்கள்.

இனி நேரம். எல்லோரும் இறங்கும் நேரத்திலிருந்து அடுத்த விமானம் கிளம்பும் நேரம் வரை எண்ணுகிறார்கள். உங்களுக்கான கடைசி நேரம் விமானம் கிளம்பும் நேரம் அல்ல, கேட்விக்கில் பெட்டி வாங்குவதை நிறுத்தும் நேரம். சில மலிவு விமான நிறுவனங்களில் அது கிளம்புவதற்கு 40 நிமிடம் முன்பு, பலவற்றில் 60 நிமிடம் முன்பு. எனவே நாலு மணி நேரம் என்று டிக்கெட்டில் தெரிவது உண்மையில் மூன்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் காலை 11.30க்குத் தரை தொடுகிறது என்று வையுங்கள். நிறுத்துமிடத்துக்குப் போய்க் கதவு திறக்க 11.45. நடந்து இமிக்ரேஷன் போக 12 மணி. இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தானியங்கி வாயில் கிடையாது, அதிகாரி முன்னால் நிற்கும் வரிசைதான். அரை மணியிலும் முடியும், இரண்டு மூன்று பெரிய விமானங்கள் சேர்ந்து இறங்கினால் ஒரு மணிக்கு மேலும் இழுக்கும். 45 நிமிடம் என்று நடுவாக வைத்தால் 12.45. அதற்குள் பெட்டிகள் பெல்ட்டுக்கு வந்திருக்கும், எடுத்துக்கொண்டு வெளியே வர ஒரு மணி. அடுத்த கோச் 1.20க்கு என்று கொள்வோம். கேட்விக் போய்ச் சேர 2.45. பெட்டி போடும் வரிசை அரை மணி, ஆக 3.15. அங்கே ஒரு மணி நேரம் முன்னால் கவுண்டரை மூடுகிறார்கள் என்றால் நீங்கள் பிடிக்கக்கூடிய முதல் விமானம் 4.15க்குக் கிளம்புவது.

இது எதுவும் தவறாமல் நடந்தால். சென்னை விமானம் அரை மணி தாமதம், சாலையில் அரை மணி நெரிசல் என்று இரண்டு மட்டும் சேர்த்தாலே 5.15 ஆகிவிடும். 11.30க்கு 5.30 என்று வைத்தால் ஆறு மணி நேரம். நான் சொன்ன ஆறு இப்படித்தான் வருகிறது. கைப்பை மட்டும் என்றால் பெல்ட்டும் பெட்டி வரிசையும் கழியும், ஐந்துக்கு இறக்கலாம். அப்போதும் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது, கேட்டை அரை மணி முன்னால் மூடுவார்கள்.

இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் சாலை வழியே ஏறக்குறைய 65 கிலோமீட்டர். லண்டனுக்குள் நுழையாமல் ஊரைச் சுற்றிப் போகும் எம்25 நெடுஞ்சாலையில் கால் வட்டம் அடித்து, எம்23இல் இறங்க வேண்டும். சாலை காலியாக இருந்தால் 50 நிமிடத்தில் போய்விடலாம். ஆனால் ஹீத்ரோவை ஒட்டிய எம்25 மேற்குப் பகுதி பிரிட்டனிலேயே வண்டி நடமாட்டம் மிகுந்த இடங்களில் ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை அங்கே ஒரு லாரி பழுதாகி நின்றால் இரண்டு மணி நேரம் காணாமல் போகும். கோச் அட்டவணையில் 75 நிமிடம் என்று போட்டிருப்பது நல்ல நாளின் கணக்கு.

நேரடி கோச்தான் எளிது. பெட்டியை ஓட்டுநர் கீழே வைத்துவிடுவார், கேட்விக்கின் வடக்கு, தெற்கு டெர்மினல் இரண்டிலும் நிற்கும். டெர்மினல் 5இல் இறங்கினால் வாசலிலேயே ஏறலாம். 2, 3இல் இறங்கினால் சுரங்க நடைபாதை வழியே மத்திய பேருந்து நிலையத்துக்குப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். கட்டணம் நாளையும் நேரத்தையும் பொறுத்து 20 முதல் 30 பவுண்டு வாக்கில் வரும். முன்பதிவு செய்யும்போது நேரம் மாற்ற இடம் தரும் டிக்கெட்டாக வாங்குங்கள். விமானம் தாமதமானால் மலிவு டிக்கெட் வெறும் காகிதம். கோச்சில் ஒருவருக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 20 கிலோ என்பது பொதுவான விதி. சென்னையிலிருந்து வரும் பெட்டி 23 கிலோ இருக்கும். மூன்று கிலோவுக்கு யாரும் தராசு போடுவது அபூர்வம், ஆனால் மூன்றாவது பெட்டி இருந்தால் தனிக் கட்டணம் கேட்கலாம்.

சாலை மாட்டிக்கொண்டது என்று தெரிந்தால் ரயில் கைகொடுக்கும். ஹீத்ரோவில் எலிசபெத் லைன் பிடித்து ஃபாரிங்டனில் இறங்கி, அங்கேயே தேம்ஸ்லிங்க் ரயிலுக்கு மாறினால் நேராக கேட்விக். ஒரே ஒரு மாற்றம், அங்கே லிஃப்ட் இருக்கிறது. மொத்தம் ஒன்றே முக்கால் மணியிலிருந்து இரண்டு மணி நேரம். கோச்சை விட அதிகம்தான், ஆனால் எம்25 நெரிசல் இதைத் தொடாது. தனி டிக்கெட் வாங்க வேண்டாம், காண்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டிக்கொண்டே போகலாம். ஒருவரே முழுக்க ஒரே கார்டைத் தட்ட வேண்டும், ஒரு கார்டில் இரண்டு பேர் போக முடியாது. பிக்காடிலி லைன் மலிவு என்று சொல்வார்கள், இரண்டு பெரிய பெட்டியோடு அதில் ஏறுவதைத் தவிருங்கள். கேட்விக் ரயில் நிலையம் தெற்கு டெர்மினலில். உங்கள் விமானம் வடக்கு என்றால் அங்கிருந்து இலவச ஷட்டில் ரயில், இரண்டு நிமிடம்தான், ஆனால் காத்திருந்து, ஏறி, இறங்கி நடக்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

டாக்ஸி 80 முதல் 120 பவுண்டு வரை ஆகும். நான்கு பேர் குடும்பம் என்றால் கோச் செலவும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். தனியாளுக்கு வேண்டாம். அதுவும் அதே எம்25இல்தான் ஊரும், நெரிசலில் கோச்சை முந்தப்போவதில்லை.

பணத்தை மொத்தமாகக் கூட்டினால்: விசா 70, கோச் 25, இரண்டாவது டிக்கெட்டில் பெட்டிக்குக் கட்டும் பணம். இந்தக் கடைசியைத்தான் பலரும் மறக்கிறார்கள். சென்னை டிக்கெட்டில் இரண்டு பெட்டி சும்மா வந்திருக்கும். ஐரோப்பாவுக்குள் பறக்கும் மலிவு டிக்கெட்டில் இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்னப் பை மட்டும்தான் சேர்த்தி. ஒரு பெட்டிக்கு 40 பவுண்டு என்றாலும் இரண்டுக்கு 80. ஆக 175 பவுண்டு, இருபதாயிரம் ரூபாய்ப் பக்கம். ஒரே டிக்கெட்டாக சென்னையிலிருந்து ஸ்பெயின் போவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதைவிடக் குறைவு என்றால் நீங்கள் எதுவும் மிச்சம் பிடிக்கவில்லை.

ஒரே டிக்கெட்டில் ஹீத்ரோ, கேட்விக் இரண்டும் இருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் நிறுவனமே வேறு விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். உங்களுக்குத் தனித்தனி என்பதால் அந்தப் பாதுகாப்பு இல்லை, இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வெறுமனே வராத பயணி. ஆனால் ஒரே டிக்கெட்டிலும் விசா வேண்டும், பெட்டியை ஹீத்ரோவில் நீங்களே எடுத்துக் கொண்டுபோக வேண்டும். கோச் செலவும் பொதுவாக உங்களுடையதுதான். சென்னையில் பெட்டிக்கு ஒட்டும் சீட்டில் LHR என்று இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

பதிவு செய்யும் தளங்களில் இது சின்ன எழுத்தில்தான் வரும். இறங்கும் இடத்துக்கு LHR, ஏறும் இடத்துக்கு LGW என்று மூன்றெழுத்து மாறுகிறதா என்று பாருங்கள். LTN, STN என்று இருந்தால் லூட்டன், ஸ்டான்ஸ்டெட். அவையும் லண்டன் என்றே காட்டும். ஸ்டான்ஸ்டெட்டுக்கு ஆறும் போதாது, ஏழு வையுங்கள்.

இப்போதைக்கு உங்கள் முன்னால் இரண்டு வழி. ஸ்பெயின் விமானத்தை அன்று மாலை ஏழு, எட்டு மணிக்குக் கிளம்புவதாக மாற்றலாம். அப்படி ஒன்று இல்லையென்றால் மறுநாள் காலைக்கு மாற்றி, அன்றிரவே கேட்விக் போய் அங்கேயே தங்குங்கள். ஹீத்ரோ பக்கம் அறை எடுத்துக்கொண்டு விடிகாலையில் எம்25ஐ நம்பிக் கிளம்ப வேண்டாம். இரண்டில் எது என்றாலும் டிக்கெட்டில் கைவைப்பதற்கு முன் டிரான்ஸிட் விசாவுக்கு எத்தனை நாள் ஆகும் என்று பார்த்துவிடுங்கள். சென்னையில் கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், பாஸ்போர்ட்டும் அந்த நாட்களில் உங்கள் கையில் இல்லாமல் போகலாம்.