கிரியேட்டின் குதிகால் நாணை அறுக்குமா, காக்குமா?

டாக்டர், எனக்கு 39 வயது, எடை 78 கிலோ. எங்கள் பேட்மிண்டன் குழுவில் ஒருவருக்குப் போன மாதம் ஆட்டத்தின் நடுவே குதிகால் நாண் அறுந்துவிட்டது. அவரும் தசை வலுவுக்கென்று விற்கும் கிரியேட்டின் மாவு சாப்பிடுபவர். நான் இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். தெம்பு கூடியதால் வாரம் இரண்டு நாள் ஆடியவன் இப்போது நான்கு நாள் ஆடுகிறேன். ஒரு காணொளியில் நாணும் லிகமென்ட்டும் பலப்படும், காயமே வராது என்கிறார்கள். இன்னொன்றில் தசை பெருத்து நாண் அறுந்துவிடும் என்கிறார்கள். மூன்று வாரமாகக் காலையில் எழுந்தால் வலது குதிகாலுக்கு மேல் விறைப்பு. (அதற்கு ஒரு வாரம் முன்பு சென்னை போய் வந்து வயிறு சரியில்லாமல் கையிலிருந்த சிப்ரோஃப்ளாக்ஸசின் ஐந்து நாள் போட்டேன். அது சரியாகிவிட்டது.) மனைவி சிறுநீரகம் போய்விடும் என்கிறார். முடியும் கொட்டுகிறது. நிறுத்திவிடவா?
– வாசகர், ஈசூன்

உங்கள் நண்பரின் நாணைக் கிரியேட்டின் அறுத்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. உங்கள் நாணை அது காப்பாற்றப் போவதும் இல்லை. இரண்டு காணொளிகளுமே தசையைப் பற்றித் தெரிந்ததை நாணின் தலையில் கட்டிவிட்டன. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள்! அதற்கு வருகிறேன்.

உடலில் உள்ள கிரியேட்டினில் ஏறக்குறைய 95 விழுக்காடு தசைக்குள்தான் இருக்கிறது. ஒரு ஸ்மாஷ் அடிக்கும் சில விநாடிகளில் தசைக்குத் தேவைப்படும் ஆற்றலை உடனே நிரப்பித் தருவதுதான் அதன் வேலை. தசை கடைத்தெரு மாதிரி. எந்நேரமும் ரத்த ஓட்டம், எந்நேரமும் கொடுக்கல் வாங்கல். குதிகால் நாண் அப்படியில்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் அது, பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத இழைகளை முறுக்கிய கயிறு. நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில உயிரணுக்கள் உண்டு, ரத்த ஓட்டம் குறைவு. டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் ஓர் அழகான வேலை செய்தார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 இந்த நாணில் எந்த அளவுக்குத் தங்கியிருக்கிறது என்று பார்த்து, திசுவின் வயதைக் கணக்கிட்டார்கள். நாணின் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதோடு உருவாகி முடிந்துவிடுகிறது, அதன்பின் பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்று தெரிந்தது. 39 வயதில் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பது பள்ளிக்கூட நாட்களில் திரித்த கயிற்றின் மேல். தினம் ஒரு கரண்டி மாவு அதைப் புதிதாகத் திரித்துவிடும் என்று எதிர்பார்க்க இடமில்லை. எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட்டின் கதையும் இதை ஒட்டியதுதான்.

பிறகு “காயம் குறையும்” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 2003இல் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீரர்களைக் கவனித்து ஓர் ஆய்வு வந்தது. கிரியேட்டின் எடுத்தவர்களுக்குத் தசைப்பிடிப்பும் காயங்களும் குறைவாக இருந்தன. ஆனால் அங்கே யார் எடுப்பது, யார் எடுக்காமல் இருப்பது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை, விரும்பியவர் எடுத்தார். தானாக முன்வந்து இதையெல்லாம் ஒழுங்காக எடுக்கும் வீரர் தூக்கம், சாப்பாடு, பயிற்சி எல்லாவற்றிலும் ஒழுங்காக இருப்பவராகவே இருக்கலாம். அந்த ஆய்விலிருந்து இவ்வளவுதான் சொல்லலாம்: கிரியேட்டின் எடுத்தவர்களுக்குக் காயம் கூடவில்லை. காணொளிக்காரர்கள் அதையே திருப்பிப் போட்டு, காயத்தைத் தடுக்கிறது என்று விற்கிறார்கள்.

முறையாகப் பிரித்துப் பார்த்த ஆய்வும் உண்டு. முழங்காலில் முன் குறுக்கு லிகமென்ட்டுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்குக் கிரியேட்டினும் மீதிப் பேருக்கு வெறும் மாவும் கொடுத்து, யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லாமல் 2004இல் சோதித்தார்கள். கால் வலிமை திரும்புவதில் வித்தியாசம் இல்லை. அதற்கு முன் 2001இல் பெல்ஜியத்தில், காலுக்கு இரண்டு வாரம் கட்டுப் போட்டு அவிழ்த்தபின் பயிற்சி கொடுத்தபோது, கிரியேட்டின் எடுத்தவர்களுக்குச் சூம்பிய தசை வேகமாகத் திரும்பியது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். கட்டுப் போட்ட காலைத் தேற்றும் நோயாளி கேட்டால், எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அப்போதும் தேறுவது தசை.

“தசை பெருத்து நாணை அறுக்கும்” என்பதில் மட்டும் ஒரு துளி உண்மை இருக்கிறது, ஆனால் பழி போவது தவறான ஆளுக்கு. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கிரியேட்டினால் தசையில் நீர் சேர்ந்து ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தாலும் 78 கிலோவில் அது 2 விழுக்காடுதான். வாரம் இரண்டு நாள் ஆட்டம் நான்கு நாளானது 100 விழுக்காடு. நாணுக்கு எது பாரம் என்று நீங்களே சொல்லுங்கள். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கடுமையான ஆட்டம் முடிந்ததும் முதல் ஒன்றரை நாள் அளவுக்கு நாணில் கொலாஜன் கட்டப்படுவதைவிடச் சிதைவது அதிகம். அதன் பிறகுதான் கட்டுமானம் முந்துகிறது. வாரம் இரண்டு நாள் ஆடியபோது அதற்கு நேரம் கிடைத்தது. நான்கு நாள் என்றால் சில நாட்களாவது அடுத்தடுத்து வரும், முதல் நாள் கணக்கை முடிக்குமுன் இரண்டாம் நாள் வந்து நிற்கும். தசை இரண்டு மாதத்தில் தயாராகிவிட்டது. நாண் தயாராகவில்லை. மாவு தந்த தெம்பு தசையிடம் மட்டும்தான் இருக்கிறது.

இனி அந்த அடைப்புக்குறி. சிப்ரோஃப்ளாக்ஸசின் குழு ஆன்டிபயாட்டிக் மருந்துகள் நாணைப் பாதிக்கும், அரிதாக அறுக்கவும் செய்யும். இது காணொளிச் செய்தி இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இவற்றின் பெட்டியிலேயே உச்ச எச்சரிக்கை போட வைத்தது. அதிகம் அடிபடுவது குதிகால் நாண்தான். வலி மருந்து தொடங்கிய ஓரிரு நாளிலும் வரலாம், நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் வரலாம். அறுபது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். நீங்கள் அந்த வகையில் இல்லை. ஆனால் மாத்திரை போட்ட ஒரே வாரத்தில், ஆட்டத்தை இரட்டிப்பாக்கிய காலில் விறைப்பு தொடங்கியிருக்கிறது. இரண்டில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. சேர்ந்தே செய்திருக்கலாம். வயிற்றுப்போக்கு பலருக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு தானே நிற்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஆன்டிபயாட்டிக் அட்டை வாங்கி வந்து அலமாரியில் வைக்கும் பழக்கத்தை நம் வீடுகள் எப்போது விடுமோ! மீதி மாத்திரைகளை வைத்திருக்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் “சிப்ரோ போட்டபின் குதிகால் நாண் வலித்தது” என்று முதலில் சொல்லுங்கள்.

இந்த வாரமே பலதுறை மருந்தகத்திலோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ காலைக் காட்டுங்கள். அதுவரை ஆட்டமும் குதிப்பதும் வேண்டாம், நடக்கலாம். யாராவது அந்த நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.

உடனே ஓட வேண்டிய அடையாளம் ஒன்றுதான். அதை ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய மனிதர். கோர்ட்டில் முன்னே பாய்ந்தபோது பின்னாலிருந்து யாரோ ராக்கெட்டால் குதிகாலில் அடித்ததுபோல் இருந்ததாம். கோபத்தோடு திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. அரைமணியில் வலி அடங்கிவிட்டது. நொண்டியபடி எம்ஆர்டி ஏறி வீடு போய்விட்டார். சுளுக்கு என்று தைலம், உருவிவிடுதல். பத்தொன்பது நாள் கழித்து என்னிடம் வந்தார். நடக்க முடிகிறதே, அறுந்திருக்காது என்பது அவர் வாதம். நடக்கலாம்தான், கணுக்காலைச் சுற்றியுள்ள மற்ற நாண்கள் ஓரளவு சமாளிக்கும். குப்புறப் படுக்கச் சொல்லி, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைக்கால் சதையைப் பிசைந்தேன். நல்ல காலில் பிசைந்தால் பாதம் தானாகக் கீழே மடங்கும். அவர் பாதம் அசையவில்லை. குதிகாலுக்கு நான்கு விரல் மேலே தடவினால் பள்ளம். முதல் நாளே வந்திருந்தால் அறுந்த முனைகள் அருகருகே இருக்கும்போதே, பாதத்தைக் கீழ்நோக்கி வைக்கும் சிகிச்சைக் காலணியோடு சிகிச்சை தொடங்கியிருக்கலாம், பலருக்கு அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படாது. அவருக்குத் தேவைப்பட்டது.

உங்கள் மனைவிக்கு அந்தப் பிசையும் சோதனையைச் சொல்லிக் கொடுங்கள், சிறுநீரகத்தை நினைத்துக் கவலைப்படுவதைவிட அது பயன்படும். அடித்ததுபோல் ஓர் உணர்வு வந்து, பாதம் அசையாமலோ ஒற்றைக் காலில் நுனி ஊன்றி எழ முடியாமலோ இருந்தால், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. காலை விறைப்பு மட்டும் இருந்து நடக்க நடக்க விலகினால் அது அறுந்த நாணின் அடையாளம் அல்ல, பாரம் தாங்காமல் நொந்துபோன நாண்.

சிறுநீரகம்: ஆரோக்கியமானவருக்குத் தினம் 3 முதல் 5 கிராம் வரை கெடுதல் செய்யாது. ரத்தப் பரிசோதனையில் ‘கிரியேட்டினின்’ என்ற வேறொரு பொருளின் அளவு கொஞ்சம் ஏறும். கிரியேட்டின் சிதைந்து வரும் கழிவு அது, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பரிசோதனைக்கு முன் மாவு எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். முன்பே சிறுநீரக நோய் இருப்பவர் மட்டும் தொடக் கூடாது. முடி: 2009இல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்கள் இருபது பேரிடம் ஒரு ஹார்மோன் கூடியதைப் பார்த்துக் கிளம்பிய புரளி. அங்கே யாரும் முடியை எண்ணவில்லை. உங்கள் குடும்பத்தில் மூத்தவர்களின் தலையைப் பாருங்கள், பெரும்பாலும் விடை தெரியும்.

நாண் அறுபடவில்லை, ஆரம்ப நோவுதான் என்று மருத்துவர் சொன்னபின் மருந்து உடற்பயிற்சிதான். உங்கள் வீவக அடுக்குமாடியின் படிக்கட்டே போதும். பாதத்தின் முன்பகுதியைப் படி விளிம்பில் ஊன்றி, இரண்டு காலால் எழுந்து, வலது காலால் மட்டும் மெதுவாக இறங்குங்கள். பதினைந்து முறையாக மூன்று சுற்று முழங்கால் நீட்டி, மூன்று சுற்று லேசாக மடக்கி, காலையும் மாலையும், 12 வாரம். செய்யும்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள் என்று பொருள், குறையுங்கள். இந்தப் பயிற்சி வேலை செய்வதற்குக் காரணம் நாணுக்குக் கிடைக்கும் மெதுவான, கனமான இழுவை. பொறுமையில்லாமல் ஆறாவது வாரமே பழைய அளவு ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்கள்தான் மறுபடியும் என் அறையில் உட்காருகிறார்கள்.

கிரியேட்டினைத் தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் பாடு. தொடர்ந்தால் தினம் ஒரு சிறு கரண்டி, 3 கிராம். நாளுக்கு 20 கிராம் என்று முதல் வாரம் அள்ளிப் போடுவது தேவையில்லை. ஆட்டம் மட்டும் வாரம் இரண்டு நாள்தான், இடையில் இரண்டு நாள் இடைவெளியோடு, அந்த 12 வாரம் முடியும் வரை.